ஹிந்திப் பல்லவியைத் தமிழில் உட்காரவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிந்தி வரியில் எத்தனை அசை என்று எப்படி எண்ணுவது? எழுத்தை எண்ணினால் பாட்டோடு ஒத்தே வரவில்லை.

தேவநாகரியில் எழுதியிருப்பதை எண்ணினால் ஒத்துவராதுதான். ஹிந்தியில் எழுத்தில் இருக்கும் அகரம் பல இடங்களில் வாயில் வராது. 'தட்கன்' என்ற சொல்லை நான்கு எழுத்தாக எழுதுவார்கள், சொல்லும்போது இரண்டே அசைதான். ஆகவே பாட்டைக் கேட்டு, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் புள்ளி வைத்த எழுத்தை எல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணுங்கள். அதுதான் பாடும் அசைக் கணக்கு. 'தட்கன்' என்பதில் த, க இரண்டுதான் மிஞ்சும். 'நெஞ்சம்' என்பதில் நெ, ச.

நம் லிபியில் இது மிக எளிது. மற்ற லிபிகளில் யோசித்துச் செய்ய வேண்டியதை இங்கே புள்ளி செய்துவிடுகிறது. இது புது வழியும் அல்ல. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று எண்ணுவதும் ஒற்றை நீக்கித்தான்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. யாப்பிலக்கணத்தில் 'அசை' என்றால் வேறு. 'மழை' அங்கே ஒரே நிரையசை. பாட்டுக்கு அது ம, ழை என்று இரண்டு. இந்தப் பக்கம் முழுக்க அசை என்று நான் சொல்வது ஓர் உயிர் ஒலியைத்தான்.

அச்சிட்ட வரியை நம்பாமல் பாடியதையே எண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடகர்கள் சில இடங்களில் விழுங்கிய அகரத்தைத் திரும்பக் கொண்டுவந்து 'த-ட-கன்' என்று மூன்றாகவும் பாடுவார்கள். மெட்டு கேட்டால் அப்படித்தான் பாட வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பாடினால் மட்டும் இடிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் குறிலும் நெடிலும் இடம் மாறி விழுந்திருக்கும். ஒன்பது அசைக்கு ஒன்பது அசை போட்டுவிட்டோம், ஆனால் மெட்டு நீட்டுகிற இடத்தில் குறில் உட்கார்ந்திருக்கிறது, ஓடிப்போகிற இடத்தில் நெடில் நிற்கிறது. எல்லா மொழியிலும் இது கொஞ்சம் உறுத்தும். தமிழில் பொருளே மாறிப்போகும். 'மலை'யின் முதல் எழுத்தை நீட்டினால் 'மாலை'. 'வரம்' நீண்டால் 'வாரம்'. 'படம்' நீண்டால் 'பாடம்'. ஒரு ஒத்திகையில் நான் எழுதிய 'மலை' முழுக்க 'மாலை'யாகவே ஒலித்தது. பாடியவர்மேல் பிழை இல்லை. அந்த இடத்தில் ஒன்றரைத் தட்டு நீளமான ஸ்வரம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

அதனால் எண்ணும்போதே தத்தகாரமும் போட்டுக்கொள்ள வேண்டும். குறுகிய இடத்துக்குத் 'த' அல்லது 'ன', நீண்ட இடத்துக்குத் 'தா' அல்லது 'னா'. நீண்ட இடத்தில் நெடில் வரலாம், குறிலும் ஒற்றும் சேர்ந்தும் வரலாம். ஆனால் எந்த ஒற்று என்பது முக்கியம். ம், ன், ல், ர், ள் போன்றவற்றில் குரலை நிறுத்தி வைக்க முடியும். க், ச், ட், த், ப், ற் வந்தால் ஒலி அங்கேயே அடைபடும். 'பொன்' என்பதை இழுக்கலாம். 'பத்து' என்பதில் 'பத்' என்றதும் மௌனம்தான். மெட்டு அந்த இடத்தில் வெறும் தட்டோடு நகர்ந்தால் பரவாயில்லை, குரல் நிற்க வேண்டிய இடமென்றால் உதவாது.

ஐகாரம் ஒரு நல்ல துணை. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் அது குறுகித்தான் ஒலிக்கும். நீட்டினாலும் வேறு சொல்லாகிவிடாது. 'மழை'யின் 'ழை' குறுகிய இடத்திலும் உட்காரும், நீண்ட இடத்திலும் உட்காரும்.

ஒரு பல்லவியை எடுத்து முழுசாகச் செய்து காட்டுங்களேன்.

இருக்கும் பாட்டு எதையும் எடுக்காமல், இதற்கென்றே எழுதிய ஒரு சிறிய முக்டாவை வைத்துக்கொள்வோம்.

பாரிஷ் ருகீ ஹை, தூ பீ ருக் ஜா
பாதேங் அதூரீ, பூரீ சுன் ஜா
ருக் ஜா ஜரா

பொருள்: மழை நின்றுவிட்டது, நீயும் நின்றுவிடு. பேச்சு பாதியில் இருக்கிறது, முழுசாகக் கேட்டுவிட்டுப் போ. கொஞ்சம் நில்.

புள்ளி எழுத்தை நீக்கி எண்ணினால் முதல் இரண்டு வரிக்கும் ஒன்பது ஒன்பது அசை, கடைசிக்கு நான்கு. தத்தகாரம் இப்படி:

தானா தனானா | தானா தானா
தானா தனானா | தானா தானா
தானா தனா

ஒன்பதில் குறுகிய இடம் மூன்றாவது ஒன்றுதான். ஐந்தாவது அசைக்குப்பின் மூச்சு விடும் இடைவெளி. வரி முடிவது 'ஆ'வில். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.

நேராக மொழிபெயர்த்தால் 'மழை நின்றுவிட்டது, நீயும் நின்றுவிடு'. ஏழும் ஆறும் பதின்மூன்று. நான்கு அசை மிச்சம், அதோடு 'மழை' என்ற குறுகலான தொடக்கம் 'தானா'வில் உட்காராது.

இந்த வரியின் உயிர் எங்கே இருக்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மழையும் நிற்கிறது, நீயும் நில் என்று ஒரே வினை இரண்டு பொருளில் வருகிறதே, அங்கே. நல்லவேளையாகத் தமிழிலும் 'நில்' இரண்டுக்கும் பொருந்தும். 'மழை விட்டது' என்றும் சொல்வோம், அதைப் போட்டால் இந்த அழகு போய்விடும். ஆகவே 'நில்' என்ற வேரை விடக் கூடாது. மற்றதெல்லாம் பேரம் பேசத்தக்கது.

முதல் முயற்சி: 'தூறல் நின்றதே'. எண்ணினால் சரியாக ஐந்து. பாடிப் பார்த்தால், ஓடிப்போக வேண்டிய மூன்றாம் இடத்தில் 'நின்' விழுகிறது, நீட்டும் நான்காம் இடத்தில் 'ற' விழுகிறது. காதில் 'நின்றாதே' என்று ஒலிக்கிறது. நிற்காதே என்று யாருக்காவது கேட்டுவிட்டால் பாட்டே தலைகீழ். கணக்குப் பார்த்தவர் தப்பவிடும் பிழை இதுதான்.

இரண்டாம் முயற்சி: 'நின்ற மழைபோல்'. ம குறுகிய மூன்றாம் இடத்தில் அழகாக வந்துவிட்டது, 'ழை' நீள்கிறது, 'போல்' நிற்கிறது. இரண்டாம் இடத்தில் இருக்கும் 'ற' மட்டும் குறில். அதை நீட்டினால் 'நின்றா மழை'. ஓரெழுத்துதான் பிசகு.

மூன்றாவது: 'நிற்கும் மழைபோல்'. 'ற' போய் 'கும்' வந்துவிட்டது, மகரத்தில் குரல் நிற்கும். காலம் மட்டும் மாறியிருக்கிறது. நின்ற மழை, நிற்கிற மழையானது. இந்தப் பாட்டுக்கு அது கேடு செய்யவில்லை.

பின்பாதிக்கு 'நீயும் நில்லேன்'. 'ருக் ஜா' என்பது வெறும் கட்டளை அல்ல, அதில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. 'நில்' என்றால் அதட்டல், 'நில்லு' என்றால் கடைசி உகரம் மெலிந்துபோகும். 'வாயேன், இரேன், சொல்லேன்' என்று நாம் வீட்டில் கொஞ்சிக் கேட்கிற அந்த 'ஏன்' அப்படியே பொருந்துகிறது. கடைசி அசை நெடிலாகவும் ஆகிவிட்டது.

நிற்கும் மழைபோல் நீயும் நில்லேன்

நி, கு, ம, ழை, போ, நீ, யு, நி, லே. ஒன்பது.

இரண்டாம் வரியில் 'பேச்சு' என்ற சொல்லோடு சற்று மல்லுக்கட்டினேன். 'பாதிப் பேச்சுதான்' என்றால் மூன்றாம் இடத்தில் 'பேச்' கனமாக விழுகிறது. 'கதை' என்றால் 'க' குறில், 'தை' நீளும். அதுவே சரி. ஆனால் 'பாதி கதைதான்' என்று எழுதினால் இரண்டாம் இடத்தில் 'தி' குறில். இங்கே இலக்கணமே கைகொடுக்கிறது. 'பாதி' என்ற சொல்லுக்குப்பின் வல்லினம் மிகும், ஆகவே 'பாதிக் கதை' என்பதுதான் முறை. அந்தக் ககர ஒற்று ஓர் அசையையும் கூட்டாமல் 'தி'யைத் 'திக்' என்று கனமாக்கிவிடுகிறது. அடைபடும் ஒற்றுதான், ஆனாலும் இந்த இடம் குரல் நின்று வாழும் இடமில்லை, தட்டோடு நகர்கிற இடம்.

'பூரீ சுன் ஜா'வுக்கு முதலில் 'மீதி கேளேன்' என்று போட்டேன். 'தி' மறுபடி குறில். 'மீதிக் கேளேன்' என்று ஒற்றுப் போட இலக்கணம் இடம் தராது, அங்கே மீதி செயப்படுபொருள். 'மீதம்' என்றதும் தீர்ந்தது.

பாதிக் கதைதான், மீதம் கேளேன்

ஹிந்தியில் 'அதூரீ, பூரீ' என்று ஒரு ஒலி இணைப்பு இருந்தது. 'பாதி, மீதம்' என்ற எதுகை அந்த இடத்தை நிரப்புகிறது. 'நில்லேன், கேளேன்' என்ற இயைபு 'ஜா, ஜா'வுக்கு ஈடு.

கடைசி வரி 'ருக் ஜா ஜரா'. மெட்டில் உச்சம் இதுதான், கடைசி 'ரா'வைப் பாடகர் நீட்டி நிறுத்துவார். 'நில்லேன் கொஞ்சம்' என்பது பொருளுக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் குறுகிய மூன்றாம் இடத்தில் 'கொஞ்' கனக்கிறது, உச்சத்தில் 'சம்' என்று வாய் மூடிக்கொள்கிறது. 'நில்லேன் கணம்' என்றால் அளவு சரி, வாய் இன்னும் மூடித்தான் இருக்கிறது. நெடுநேரம் இதிலேயே நின்றேன். கடைசியில் வந்தது:

நில்லேன் நிலா

'கொஞ்சம்' என்ற பொருள் போய்விட்டது, அழைக்கும் பெயர் ஒன்று வந்துவிட்டது. ஆனால் அந்தக் கொஞ்சல் ஏற்கெனவே 'நில்லேன்' என்பதிலேயே இருக்கிறது. உச்சத்தில் ஆகாரத்துக்கு ஆகாரம் கிடைத்தது. நில், நிலா என்ற மோனையும் மழை விட்ட வானமும் சேர்ந்துகொண்டன. இந்த மாற்றத்தை நான் தயங்காமல் செய்வேன்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். முதல் அசை 'நிற்' வல்லின ஒற்றில் முடிகிறது. ஹிந்தியில் அங்கே 'பா' என்று திறந்த நெடில். உங்கள் மெட்டு முதல் ஸ்வரத்தையே இரண்டு தட்டு நீட்டுமானால் இது ஒத்துவராது. அப்போது 'ஓயும் மழைபோல்' என்று மாற்ற வேண்டும், 'நில்' இரட்டைப் பொருளை இழக்க வேண்டும். மெட்டைக் கேட்டுத்தான் அந்த முடிவு.

தமிழ்ச் சொல் எப்போதும் நீண்டுபோகிறது. எங்கே சுருக்குவது?

எப்போதும் நீள்வதில்லை. 'ராத்' ஓரசை, 'இரவு' மூன்று என்று பார்க்கும்போது பயமாக இருக்கும். ஆனால் 'மேரே தில் மே' நான்கு அசை, 'என் நெஞ்சில்' மூன்றுதான். வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்காமல் ஒட்டிக்கொள்வதால் நமக்கு லாபம். சொல்லுக்குச் சொல் வைக்காமல் தொடருக்குத் தொடர் எண்ணிப் பாருங்கள்.

அதிகம் மிச்சமாகும் இடம் வரியின் வால். ஹிந்தியில் ஹை, ஹூங், தா என்று ஒன்று இல்லாமல் பல வாக்கியங்கள் முடியாது. தமிழுக்கு அது வேண்டாம். 'தூ மேரா ஹை' நான்கு அசைக்கு 'நீ என் சொந்தம்' நான்கு அசை. 'ஹை' மறைந்த இடத்தில்தான் 'சொந்தம்' என்ற இரண்டசைச் சொல் நுழைந்தது. அதேபோல வினைமுற்றிலேயே 'நான்' இருக்கிறது. 'மேங் ஜான்தா ஹூங்' நான்கு, 'அறிவேன்' மூன்று. 'அறிகிறேன்' என்று எழுதினால் நான்காகும். நிகழ்காலத்தின் 'கிறு' பாட்டில் அநேகமாகச் சுமைதான். 'நினைக்கிறேன்' இருக்கும் இடத்தில் 'நினைப்பேன்' போட்டாலும் பாட்டில் வழக்கமாகச் செய்வதைச் சொல்வதாகவே கேட்கும்.

புணர்ச்சியும் ஓர் அசையைத் தின்னும். 'பார்த்து இருந்தேன்' ஐந்து, 'பார்த்திருந்தேன்' நான்கு. ஆனால் இரண்டு சொல்லுக்கும் நடுவே மெட்டில் மூச்சு விடும் இடம் இருந்தால் சேர்த்து எழுதியும் பயனில்லை, பாடகர் பிரித்துத்தான் பாடுவார், அசை திரும்பி வந்துவிடும்.

பேச்சு வழக்கில் 'நின்னுடுச்சு' என்று எழுதியும் ஓர் அசை மிச்சம் பிடிக்கலாம். அப்படிச் செய்தால் பல்லவி முழுக்கப் பேச்சு வழக்காக இருக்கட்டும். ஓர் அசைக்காக ஒரு சொல்லை மட்டும் பேச்சாக்கினால் அது கல்லாக உறுத்தும்.

ஹிந்தியில் வரி 'ஆ', 'ஈ' என்று முடிகிறது. எனக்கு 'து', 'று' என்றே முடிகிறதே?

குற்றியலுகரத்தை நீண்ட ஸ்வரத்தில் வைக்கவே வேண்டாம். 'காற்று', 'வந்தது' போன்றவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான், இழுத்தால் 'காற்றூ' என்று பரிதாபமாக இருக்கும். எளிய வழி ஏகாரம்: 'காற்றே', 'வந்ததே'. அசையும் கூடாது. அதனாலேயே எல்லா வரியையும் ஏகாரத்தில் முடிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. நான்கு வரியும் 'ஏ' என்று முடிந்தால், வழியில்லாமல் போட்டது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகாரத்தில் முடிய நிலா, கனா, விழா, உலா என்ற பெயர்கள் உண்டு, வா, தா என்ற ஏவல்கள் உண்டு, 'வருவாயா' என்ற கேள்வி உண்டு. ஓகாரத்துக்கு ஏனோ, யாரோ. மிக உயர்ந்த ஸ்தாயியில் முடியும் வரியானால் ஆகாரத்தையே தேடுங்கள். அங்கே ஈகாரமும் ஊகாரமும் குரலை நெரிக்கும்.

ஓர் அசை கூடுதலாக இருந்தால் விட்டுவிடலாமா?

இடத்தைப் பொறுத்தது. ஹிந்திப் பாடகர் ஓர் அசையை இரண்டு மூன்று ஸ்வரத்தில் வளைத்துப் பாடும் இடம் இருந்தால், அந்த ஸ்வரங்களைப் பிரித்து இரண்டு அசை வைக்கலாம். மெட்டு கெடாது. வரி தொடங்கும் முன், தாளம் விழுமுன் கொஞ்சம் காலி இடம் இருந்தால் 'இனி', 'ஒரு' போன்ற இரண்டு குறில் அங்கே நுழையும். இந்த இரண்டு இடம் தவிர மற்ற இடத்தில் கூட்டினால் அவசரம் தெரியும். எல்லோரும் சேர்ந்து திரும்பப் பாடும் வரியில் மட்டும் எதையும் கூட்டாதீர்கள்.

குறைவாக இருந்தால் நெடிலை இரண்டு ஸ்வரத்துக்கு நீட்டலாம். குறைவதைவிடக் கூடுவதுதான் அதிகம் இடிக்கும்.

'தில்', 'இஷ்க்', 'ப்யார்' போன்றவற்றை அப்படியே விடலாமா? எல்லோருக்கும் புரியுமே.

எனக்கு விருப்பமில்லை, காரணமும் இருக்கிறது. தமிழில் 'தில்' என்றால் துணிச்சல். 'தில் இருக்கா?' என்று கேட்கிற காதுக்கு இதயம் என்று படாது. 'ப்யார்' ஹிந்தி வாயில் ஓரசை, தமிழ் வாயில் 'பியார்' என்று இரண்டாகும். 'இஷ்க்' என்பது 'இஷ்கு' ஆகும். கணக்குக்காகப் போட்ட சொல்லே கணக்கைக் கெடுத்துவிடும்.

எழுதி முடித்தபின் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் பாடிப் பார்த்தால் தெரியாது. எழுதியவருக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், வாய் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஹிந்திப் பாட்டு தெரிந்த, உங்கள் வரியைப் பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, மெட்டை ஒரு முறை போட்டுக்காட்டிப் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே ஒரு குறிலைத் தன்னையறியாமல் இழுக்கிறாரோ, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள்.

பிறகு தாளையே பார்க்காத இன்னொருவரைக் கேட்க வைத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். மூச்சு விடும் இடம் சொல்லின் நடுவே விழுந்திருந்தால் இதில் வெளிப்பட்டுவிடும். மேலே உள்ள வரியை 'நிற்கும் மழைபோலே' என்று ஆறசையாக நான் எழுதிப் பார்த்தபோது, இடைவெளி 'போ'வுக்கும் 'லே'வுக்கும் நடுவே விழுந்தது. கேட்டவர் 'மழை போ' என்று எழுதியிருந்தார்.

இப்படி எழுதியதை வெளியிடலாமா?

வீட்டில், நண்பர்களோடு பாட யாரும் தடுக்கப்போவதில்லை. பதிவுசெய்து வெளியிடுவது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் பாட்டின் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. பாடலாசிரியர் வாழ்ந்த காலமும் அதற்குப்பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் தனித்தனியாக இருக்கலாம். தமிழ் வரி முழுக்க உங்களுடையதே என்றாலும் மெட்டு உங்களுடையது அல்ல. இரண்டுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போங்கள்.